ஹேசல்நட் வாசனை கிரைண்டரை விட்டுப் போக மறுக்கிறதா?

"பெங்களூரு கம்மனஹள்ளியில் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று ஹேசல்நட் காபிக் கொட்டை கால் கிலோ வாங்கி, பாதிப் பாக்கெட் வரை வீட்டு எலக்ட்ரிக் கிரைண்டரில் அரைத்தோம். அதிலிருந்து வழக்கமான பீபெரி போட்டு அரைத்தாலும் ஃபில்டர் காபியில் அதே வாசனை. மாமனார் 'இது காபியா, கேக்கா?' என்கிறார். பிரஷ் போட்டுப் பார்த்தும் போகவில்லை. கிரைண்டர் கெட்டுவிட்டதா? இந்த வாசனையை எப்படித்தான் கொட்டையில் ஏற்றுகிறார்கள்?"

கிரைண்டர் கெடவில்லை. மோட்டாருக்கும், கொட்டையை அரைக்கும் பல்லான பர்ருக்கும் அரைப் பாக்கெட் கொட்டையால் எந்தச் சேதமும் வராது. பிரஷ் ஏன் பலிக்கவில்லை என்பதற்கான பதில் உங்கள் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

ஹேசல்நட் வாசனை வறுத்த பிறகுதான் ஏற்றப்படுகிறது. வறுக்கும்போது கொட்டையின் சூடு 200 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது வாசனைத் திரவத்தை ஊற்றினால் அத்தனையும் புகைபோக்கி வழியாகப் போய்விடும். அதனால் வறுத்த கொட்டையை ஆறவிட்டு, மெதுவாகச் சுற்றும் ஒரு டிரம்மில் போட்டு, திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பார்கள். ஒரேயடியாக ஊற்றினால் முதலில் நனைந்த கொட்டையே எல்லாவற்றையும் குடித்துவிடும், மற்றவை காய்ந்து கிடக்கும். கால் மணியிலிருந்து அரை மணி நேரம் வரை சுற்றிய பிறகு எல்லாக் கொட்டைகளிலும் ஒரே மாதிரி மினுமினுப்பு வரும். பிறகு சற்று ஊறவிட்டுப் பாக்கெட் போடுவார்கள். இதற்குப் பெரும்பாலும் நடுத்தர வறுவல்தான் எடுப்பார்கள். கருக வறுத்த கொட்டையின் மேல் அதன் சொந்த எண்ணெயே கசிந்து நிற்கும், அதன் கசப்பும் சேர்த்த வாசனையை அமுக்கிவிடும்.

எடைக்கு எடை சுமார் 2 முதல் 3 சதவீதம் திரவம் சேர்ப்பது வழக்கம். உங்கள் கால் கிலோவுக்கு 3 சதவீதம் என்று வைத்தால் ஏழரை கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன். அதிலும் வாசனைப் பொருள் கொஞ்சம்தான், மீதி அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம். பெரும்பாலும் அது புரோப்பிலீன் கிளைகால், சில நேரம் ஒரு தாவர எண்ணெய். லேபிளில் 1520 என்ற எண் தெரிந்தால் கிளைகால் என்று புரிந்துகொள்ளுங்கள். வாசனை என்னவோ ஹேசல்நட்டினுடையது, கொட்டைப்பருப்பு எதுவும் உள்ளே இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். வறுத்த ஹேசல்நட்டின் மணத்துக்கு முக்கியக் காரணமான ஃபில்பர்ட்டோன் என்ற பொருளையும் அதன் கூட்டாளிகளையும் சேர்த்துத்தான் அந்த மணத்தை உண்டாக்குகிறார்கள். ஆனாலும் வீட்டில் யாருக்காவது நட்ஸ் ஒவ்வாமை இருந்தால் இந்த ஊகத்தை நம்ப வேண்டாம், லேபிளைப் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

சிக்கல் இந்தக் கிளைகாலில்தான். அது லேசில் காயாத திரவம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், இது 188 டிகிரி வரை தாங்கும். அதனால் கிரைண்டரை ஒரு வாரம் திறந்து வைத்தாலும் அது ஆவியாகிப் போய்விடாது. போதாக்குறைக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும், பெங்களூரு மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அரைக்கும்போது பறக்கும் மாவு போன்ற நுண்தூள் இந்த ஈரத்தில் படிந்து, தூள் வெளியே வரும் குழாயின் உள்சுவரில் பழுப்பு நிறப் பசையாக ஒட்டிக்கொள்கிறது. பிரஷ் அதை அப்புறப்படுத்துவதில்லை, இழுத்துத் தடவிவிடுகிறது. அடுத்து அரைக்கும் பீபெரித் தூள் அந்தப் பசையை உரசிக்கொண்டுதான் வெளியே வருகிறது. ஃபில்பர்ட்டோன் மிகச் சொற்பமாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால், சிறிதளவு பசை மாமனாரின் டம்ளருக்குத் தாராளமாகப் போதும்.

வாசனை தங்கும் இன்னொரு இடம் பிளாஸ்டிக். கொட்டை போடும் ஹாப்பர், அதன் மூடியின் ரப்பர் வளையம், தூள் விழும் டப்பா ஆகியவை மணத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கொட்டையை ஹாப்பரிலேயே நாள்கணக்கில் விட்டுவைத்திருந்தால் இது இன்னும் மோசமாகும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. குற்றவாளி ஃபில்டராகவும் இருக்கலாம், அதன் அடித்தட்டின் துளைகளிலும் இதே பசை நிற்கும். பீபெரியில் பத்துப் பதினைந்து கொட்டைகளைக் கல் உரலில் இடித்து ஒரு டம்ளரில் போடுங்கள். அதே அளவு கிரைண்டரில் அரைத்து இன்னொரு டம்ளரில் போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். இடித்தது சுத்தமான காபி மணமாகவும் அரைத்தது இனிப்பாகவும் இருந்தால் சிக்கல் கிரைண்டரில். இரண்டுமே சுத்தமாக இருந்தால் ஃபில்டரைத்தான் சோப்பு போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவிட வேண்டும். இரண்டுமே இனித்தால் பீபெரியை ஹேசல்நட் இருந்த அதே டப்பாவில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, கிரைண்டர்தான் என்றே வைத்துக்கொள்வோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹாப்பரைக் கழற்றுங்கள். மேல் பர்ரை எடுப்பதற்கு முன், அது எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டியதும் ஃபில்டருக்கான அரைப்பு நிலை மாறிப்போய், டிகாக்‌ஷன் ஒன்று இறங்காது, இல்லை தண்ணீராக இறங்கும். பல்லிடுக்கையும் திருகு மரையையும் மரப் பல்குச்சியால் சுரண்டுங்கள். தூள் வரும் குழாயில் பசை உங்கள் விரலுக்கே தட்டுப்படும். அதையும் சுரண்டி எடுத்தபின் பிரஷ் போடுங்கள், இப்போது அது வேலை செய்யும்.

கிளைகால் தண்ணீரில் கரையும். ஹாப்பர், மூடி, தூள் டப்பா எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். எண்ணெயில் கரைத்த ஃப்ளேவராக இருந்தால் தண்ணீர் மட்டும் போதாது என்பதால், எதற்கும் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். உலோகப் பர்ரில் மட்டும் தண்ணீர் படக்கூடாது, துருப்பிடிக்கும். கழற்றி எடுத்த பர்ரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காற்றாட வைத்து, வாடை முழுக்கப் போனபின் மாட்டலாம். அடுப்புப் பக்கம் இதைச் செய்ய வேண்டாம். கிரைண்டரின் உடம்பிலும் பிளாஸ்டிக்கிலும் ஆல்கஹால் வேண்டாம்.

மாட்டியபின் கிரைண்டரைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் தானிய மாத்திரைகளை 35, 40 கிராம் அளவில் நடுத்தர அரைப்பில் ஓட்டுங்கள். பசையைச் சுரண்டும் முன்பே ஓட்டினால் மாத்திரைத் தூளும் அதிலேயே அப்பிக்கொள்ளும், அதனால் வரிசையை மாற்ற வேண்டாம். 'மிக்ஸிக்குச் செய்கிற மாதிரி பச்சரிசி போட்டு ஓட்டு' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். வறுத்த காபிக் கொட்டை மொறுமொறுவென்று உடையும், அரிசி அப்படி உடையாது. வீட்டு கிரைண்டரின் சின்ன மோட்டார் திணறும், மாவும் உள்ளே தங்கும். கடைசியாக, வாசனை சேர்க்காத பழைய கொட்டை ஒரு பிடி, அதாவது 30 முதல் 50 கிராம், அரைத்துக் கொட்டிவிடுங்கள். பிறகு மறுபடி அந்த இரண்டு டம்ளர் சோதனை.

இவ்வளவு செய்தும் லேசான வாடை நின்றால் அது பிளாஸ்டிக்கில் ஊறியது. தினம் அரைக்க அரைக்க அது குறையும், வேறு மருந்து கிடையாது. வெனிலாவாக இருந்திருந்தால் இன்னும் தாமதமாகும், வெனிலின் அத்தனை சுலபமாகக் காற்றில் கலந்து போகிற பொருளே இல்லை.

நல்ல வேளை, நீங்கள் பாதிப் பாக்கெட்டோடு நிறுத்தினீர்கள். தொடர்ந்து அரைப்பவர்களுக்கு அடுத்த கட்டம் வேறு மாதிரி. ஹாப்பர் நிறையக் கொட்டை இருக்கும், ஆனால் மோட்டார் வெறுமனே சுற்றுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். பிசுபிசுப்பால் கொட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கும். ஹாப்பரைத் தட்டினால் சடசடவென்று விழும். தூளின் எடையும் ஒரு நாள் குறையும், மறுநாள் கூடும். ஒட்டியிருக்கும் பழைய தூளின் காபி எண்ணெயும் சிக்குப் பிடிக்கத் தொடங்கும், பழைய அப்பள எண்ணெய் வாடை வந்தால் அதுதான். கொட்டை போட்டால் தானே அரைத்துக் காபி இறக்கும் ஆட்டோமேட்டிக் மெஷினில் இந்தக் கொட்டையைப் போடவே கூடாது. அதன் கிரைண்டர் உள்ளே புதைந்திருக்கும், பல மாடல்களில் நாமே கழற்றிச் சுத்தம் செய்ய வழியில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு பாக்கெட்டில் 'ஹேசல்நட்' என்று பார்த்தாலே பயப்படவும் வேண்டாம். சிக்கமகளூர், குடகு எஸ்டேட் கொட்டைகளில் சுவைக் குறிப்பாக 'ஹேசல்நட், சாக்லேட்' என்று அச்சிடுவது சகஜம். அது கொட்டையின் இயல்பான சுவையைப் பற்றிய வர்ணனை மட்டுமே, எதுவும் சேர்த்திருக்க மாட்டார்கள். சேர்த்திருந்தால் பொருள்கள் பட்டியலில் ஃப்ளேவர் என்று இருக்கும். சந்தேகம் வந்தால் நாலு கொட்டையை டிஷ்யூ தாளில் வைத்து அழுத்துங்கள். நடுத்தர வறுவல் கொட்டை, எதுவும் சேர்க்காததாக இருந்தால், தாளில் கறை விடாது. ஃப்ளேவர் சேர்த்தது ஈரத் தடம் விடும், அந்தத் தாள் மறுநாளும் மணக்கும்.

மகளுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அடுத்த முறை விற்பவரிடமே அரைத்துத் தரச் சொல்லி 100 கிராம் மட்டும் வாங்குங்கள். ஃப்ளேவர் கொட்டை விற்பவர்களில் விவரமானவர்கள் அதற்கென்று தனி கிரைண்டர் வைத்திருப்பார்கள். மல்லேஸ்வரம், காந்தி பஜார் பக்கத்துக் காபிப் பொடிக் கடையில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மறுப்பார்கள், மறுப்பதும் நியாயம்தான். அடுத்து நிற்பவருக்குப் போகும் பொடியில் உங்கள் ஹேசல்நட் ஏறும்.

கையிலிருக்கும் மிச்சப் பாதிக்கு மிக்ஸியின் சின்ன ஜார் போதும். அரைப்பு சீராக வராது, ஆனால் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிற ஃப்ளேவர் காபியில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. எவர்சில்வர் ஜாரை வெந்நீரும் சோப்பும் போட்டு அப்போதே கழுவிவிடலாம். மூடியின் கேஸ்கெட்டை மட்டும் மறக்காமல் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் தேங்காய்ச் சட்னியைப் பற்றியும் மாமனார் கேட்பார்.