மூன்றாம் பாலில் தொடங்கும் சொதி

அன்புள்ள தம்பிக்கு,

பத்து வருஷம் கழித்துத் திருநெல்வேலிக்கு வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தெருவெல்லாம் மாறிவிட்டது, ருசி மட்டும் மாறவில்லை என்று முடித்திருந்தீர்கள். இங்கேயே நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறவள் சொல்கிறேன், ருசியும் மாறிவிட்டது. போன மாதம் என் அண்ணன் பேத்தி கல்யாணத்துக்கு மறுநாள் மண்டபத்தில் போட்ட தேங்காய்ப் பால் சொதியைச் சாப்பிட்டுவிட்டு எனக்கு அழுகை வராத குறைதான். பார்க்க வெள்ளைவெளேர் என்று, திரியாமல், நன்றாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் சொதியே இல்லை. வீட்டில் நான் வைத்தால் ருசி வருகிறது, ஆனால் பாதி நாள் திரிந்துபோகிறது. இரண்டு வாரம் விருந்தாளியாக வந்து போகிறவருக்கு எல்லாம் பழைய ருசியாகத்தானே தெரியும்?

ஒரு வாசகி, பெருமாள்புரம்

*

அன்புள்ள அக்கா,

விருந்தாளி என்று சொன்னீர்களே, அது வலித்தது, ஏனென்றால் சரி. அந்த இரண்டு வாரத்தில் நான் சாப்பிட்டது பெரும்பாலும் டவுனில் எங்கள் அண்ணன் வீட்டில், மதினி கையால். அதை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ருசி மாறவில்லை என்று எழுதியது அதிகம்தான்.

தெரு விஷயத்தில் மட்டும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி ஜங்ஷனில் நின்றபோது, பஸ் ஸ்டாண்டு இருந்த இடத்தில் வேறு ஏதோ கட்டிடம் இருந்தது. பழையதை இடித்துவிட்டு ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். டவுனுக்குப் போகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று ஒரு பையனிடம் கேட்டதற்கு, "ஊருக்குப் புதுசா சார்?" என்றான். மதினியின் பிறந்த ஊர் தென்காசிப் பக்கம், 2019இல் அது தனி மாவட்டமும் ஆகிவிட்டதா, "இப்ப நான் வெளி மாவட்டத்துக்காரி, மரியாதையாப் பேசணும்" என்று மதினி சொல்லிக்கொண்டிருந்தார். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி இருக்கிற நாலு ரத வீதியிலும் கடைப் பலகைகள்தான் வேறு. வாகையடி முக்கு என்று சொன்னால் ஆட்டோக்காரருக்கு இன்னும் புரிகிறது.

சரி, சொதிக்கு வருகிறேன்.

நானும் ஒரு மண்டபத்துச் சொதியைச் சாப்பிட்டேன், நண்பன் மகள் கல்யாணத்தில், மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு. நீங்கள் சொன்ன அதே வெள்ளை, அதே ஏமாற்றம். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் மதினி சொதி வைப்பதை அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருந்தேன். அதனால் எங்கே கோளாறு என்று ஓரளவு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுச் சொதி திரிவதற்கும் மண்டபத்துச் சொதி திரியாததற்கும் காரணம் ஒன்றேதான்.

ஐந்து பேருக்கு மதினி எடுத்தது இரண்டு தேங்காய். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, தண்ணீர் சத்தம் கேட்பதாகத்தான் எடுத்தார். தண்ணீர் வற்றிக் கொப்பரை ஆகப் போகிற காய் என்றால் எண்ணெய் அதிகம், பாலில் காறல் வாடை வந்துவிடும். ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வராமல் வெள்ளையை மட்டும் துருவி, மிக்ஸியில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டு அடித்துத் துணியில் பிழிந்தார். முதல் பால் ஒரு டம்ளர். அந்தச் சக்கையிலேயே மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் பால் இரண்டு டம்ளர், அப்புறம் மூன்றாம் பால் இரண்டு டம்ளர். மூன்றாம் பால் கிட்டத்தட்ட கழுவின தண்ணீர் மாதிரிதான் இருக்கும். மூன்றும் தனித்தனிப் பாத்திரத்தில்.

கடைசியில் பிழிந்த பாலைத்தான் முதலில் அடுப்பில் ஏற்றுகிறோம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் லேசாக வதக்கி, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் அந்த மூன்றாம் பாலில் உப்புப் போட்டு வேகிறது. அது எவ்வளவு கொதித்தாலும் பரவாயில்லை, திரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. காய் வெந்ததும் பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுது. மஞ்சள் கிடையாது, வத்தல் கிடையாது, புளி கிடையாது. அதன் பிறகு இரண்டாம் பால், அதோடு குழைய வேகவைத்து மசித்த கால் டம்ளர் பாசிப்பருப்பு. இந்த இடத்தில் அடுப்பு சிம்முக்கு வந்துவிட்டது. முதல் பாலை ஊற்றியதும் மதினி பேச்சை நிறுத்திவிட்டார். கரண்டியைப் பைய ஓட்டிக்கொண்டே சட்டியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டி, நடுப் பக்கமாக நகரத் தொடங்கியதும் அணைத்துவிட்டார். கொதி வரவில்லை, வரவும் கூடாது. நெய்யில் சீரகம், முந்திரி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, தட்டைப் போட்டு மூடாமல் அப்படியே வைத்தார். விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு எலுமிச்சம்பழம்.

"அத்தை முதல் பாலை ஊத்தினா அடுப்படிக்குள்ள யாரையும் விடமாட்டாங்க" என்றார் மதினி. அத்தை என்பது எங்கள் அம்மா.

திரிவது எதனால் என்றால், தேங்காய்ப் பால் என்பது தண்ணீருக்குள் எண்ணெய் நுண்ணிய துளிகளாக மிதந்துகொண்டிருக்கிற ஒரு கலவை. தேங்காயிலேயே இருக்கிற புரதம் அந்தத் துளிகளைச் சுற்றித் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்கிறது. சூடு 80 டிகிரியைத் தொடும்போது புரதம் கெட்டியாகித் தோல் கிழிகிறது, எண்ணெய் வெளியே வந்துவிடுகிறது. புளிப்புப் பட்டாலும் புரதம் திரண்டு கட்டியாகும். சூடும் புளிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முதல் பாலில்தான் எண்ணெயும் புரதமும் அதிகம், அதனால் அதைக் கடைசியில், குறைந்த சூட்டில் சேர்க்கிறோம். பருப்பும் உருளைக்கிழங்கும் குழம்பைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தி, எண்ணெய் பிரிவதைத் தாமதப்படுத்துகிறது. எங்கள் ஆச்சிக்கு இந்தக் காரணம் எதுவும் தெரியாது, வரிசை மட்டும் தெரியும்.

கடையில் வாங்குகிற பால் வேறு சாதி. டப்பாவிலும் பாக்கெட்டிலும் வருகிற பல பால்களில், பிரியாமல் இருப்பதற்கென்றே பசை மாதிரி ஏதாவது சேர்த்திருப்பார்கள், பவுடரிலும் அப்படித்தான். அதைக் கொதிக்க விட்டாலும் பெரும்பாலும் திரியாது. மஸ்கட்டில் முதல் சில வருஷம் நான் டப்பாப் பாலில்தான் சொதி வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் கொதிக்க விடுவேன், ஒன்றும் ஆகாது, எனக்குச் சமையல் வந்துவிட்டது என்று பெருமை வேறு. ஒரு பொங்கலுக்கு மலையாளி கடையில் நல்ல தேங்காய் கிடைத்ததென்று வாங்கி வந்து, பால் எடுத்து, அதே மாதிரி கொதிக்க விட்டேன். வீட்டுக்கு வந்திருந்த நாலு பேரும் தயிரும் ஊறுகாயும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

மண்டபத்தில் நடப்பதும் இதுதான். எல்லா மண்டபத்துச் சமையலையும் சொல்லவில்லை, நான் சாப்பிட்ட இடத்தில் பின்பக்கம் போய்ப் பார்த்தேன், காலி பாக்கெட்டுகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. அதற்காகச் சமையல்காரரைத் திட்ட எனக்கு மனசில்லை. ஐந்து பேருக்கு இரண்டு என்றால் ஐந்நூறு பேருக்கு இருநூறு தேங்காய், அத்தனையையும் உடைத்துத் துருவி மூன்று தடவை பிழிய வேண்டும். அதுகூடப் பரவாயில்லை என்றால், பதினோரு மணிப் பந்தியிலிருந்து மூன்று மணிப் பந்தி வரைக்கும் சொதி சூடாகவே இருக்க வேண்டும், கையால் பிழிந்த முதல் பால் அதைத் தாங்காது. அந்தக் காலத்தில் மறுவீட்டுச் சொதியை வீட்டிலேயே வைத்தபோது ஆச்சி முதல் பாலைத் தனியாகச் செம்பில் வைத்துக்கொண்டு, பந்திக்கு ஆள் உட்கார உட்கார, அந்தந்தப் பந்திக்கு வேண்டிய அளவு சட்டியில் எடுத்து அதில் மட்டும் ஊற்றுவார்களாம். ஐந்நூறு பேருக்கு அது நடக்காது.

பாக்கெட் பால் திரியாததால் வரிசை மறந்துபோகிறது. எல்லாப் பாலும் சேர்ந்து கொதிக்கும்போது அந்தப் பச்சைத் தேங்காய் மணம் ஆவியோடு போய்விடுகிறது, காய்ச்சின வாடைதான் மிச்சம். நீங்கள் வாயில் வைத்ததும் சொதி இல்லை என்று சொன்னது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுச் சொதி விஷயம். எப்போது திரிகிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே எண்ணெய் வட்டம் வட்டமாக மினுங்கினால் சூடு அதிகம். உடனே இறக்கி, மசித்த பருப்பு ஒரு கரண்டி போட்டு நன்றாகக் கலக்கினால் பல நேரம் ஓரளவு சேர்ந்துவரும். எலுமிச்சை பிழிந்ததும் கரண்டியின் முதுகில் நொய்யரிசி மாதிரிப் பொடிப்பொடியாக ஒட்டினால் ஆறுவதற்கு முன்னால் பிழிந்துவிட்டீர்கள், அதற்கு மருந்தில்லை. வாயில் ருசி மாறாது, பார்க்கத்தான் ஒரு மாதிரியாக இருக்கும்.

பாதி நாள் மட்டும் திரிகிறது என்றால் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். வெண்கல உருளியிலோ கனமான குக்கரிலோ வைக்கிறீர்களா? மெல்லிய பாத்திரத்தில் அடுப்பை அணைத்தால் சூடு அப்போதே இறங்கும். உருளி அணைத்த பிறகும் வெகு நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், நுரை கட்டியதைப் பார்த்து அணைத்திருப்பீர்கள், பால் அந்தச் சூட்டிலேயே கிடந்திருக்கும். உருளி என்றால் நுரை தொடங்குகிறபோதே அணைத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இன்னொன்று, ராத்திரிக்கு மிச்சச் சொதியை அடுப்பில் நேரடியாகச் சுட வைக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சொதிப் பாத்திரத்தை இறக்கி வைத்தால் போதும்.

இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி போட்டார்கள் என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை, மண்டபத்தில் அதாவது இருந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சாப்பிட்ட இடத்தில் துவையல் இருந்தது, சிப்ஸும் இருந்தது. துவையல் மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்.

அடுத்த தடவை திரிந்தால் எந்தக் கட்டத்தில் என்று எழுதுங்கள், மதினியிடம் கேட்டுச் சொல்கிறேன்.