பங்கு விழுந்தது 10%, எனக்குப் போனது 18%

"வளரும் நாடு ஒன்றின் பங்குகளில் 1,000 டாலர் போட்டேன். சந்தை 10% விழுந்தது, எனக்கோ 18% நஷ்டம். கணக்கில் தப்பா?"

கணக்கு சரிதான், நீங்கள் வாங்கியது இரண்டு பொருள்: பங்கும், அந்த நாட்டு நாணயமும். ஒரு டாலருக்கு 50 அலகு என்று வைத்தால் உங்கள் பணம் 50,000 ஆகப் பங்குக்குள் போனது. 10% விழுந்ததும் 45,000. அதற்குள் டாலர் 55 ஆகியிருந்தால் கையில் வருவது சுமார் 818 டாலர்.

இரண்டும் சேர்ந்து விழுவது தற்செயல் இல்லை. வெளிநாட்டு முதலீட்டாளர் பங்கை விற்றால் கிடைப்பது உள்ளூர்ப் பணம். அதைக் கொடுத்து டாலர் வாங்கினால்தான் வெளியேற முடியும். ஆக ஒரே முடிவு இரு சந்தைகளிலும் விற்பனையாகிறது. நாணயம் இறங்கியதும் மற்ற வெளிநாட்டவரின் டாலர் மதிப்பும் குறையும், அவர்களும் விற்பார்கள். 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கி கடன்பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்று சொன்னதுமே பல நாடுகளில் இதுதான் நடந்தது. பணம் உள்ளே வரும்போது இதே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும்.

எப்போதும் இப்படி இருக்காது. அந்த நாட்டு மத்திய வங்கி தன் கையிருப்பு டாலரை விற்றால் நாணயம் அசையாமல் நிற்கும், பங்கு மட்டும் விழும். அப்போது கையிருப்புக் குறைகிறதா என்று பாருங்கள், அழுத்தம் அங்கேதான் தெரியும்.