பினாங்கு வெப்பத்தில் முதல் பீர்: முதல் 4 நாள் குளிர்ச்சி

கேள்வி: ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். நண்பர் ஒருவர் தம்முடைய பழைய 15 லிட்டர் பிளாஸ்டிக் பாத்திரத்தைக் கொடுத்தார். வீட்டிலேயே பீர் தயாரிக்க உலர் மால்ட் 1.3 கிலோ, ஹாப்ஸ், ஏல் வகை ஈஸ்ட் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் எப்போதும் 30 டிகிரி. ஏர்கான் படுக்கையறையில் இரவில் மட்டும்தான். எந்த அளவு சுத்தம் வேண்டும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் மதுபானத் தயாரிப்பு 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் கீழ் வருகிறது. உங்களுக்குப் பொருந்தும் விதி என்ன என்று சுங்கத் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.

அந்த 1.3 கிலோ மால்ட் 10 லிட்டருக்குச் சரியாக இருக்கும். ஹைட்ரோமீட்டரில் தொடக்க அடர்த்தி ஏறத்தாழ 1.047 வரும். நொதித்து முடிந்ததும் அது 1.012 அளவுக்கு இறங்கினால், பீரில் சுமார் 4.6 சதவீத ஆல்கஹால் இருக்கும். முதல் முறைக்கு 10 லிட்டரே போதும் என்பேன். அதற்கு மேல் போனால் நம் ஊர் வெப்பத்தில் குளிரவைப்பது பெரும்பாடு.

சுத்தம் என்பது இரண்டு வேலைகள். முதல் வேலை அழுக்கை நீக்குவது. இரண்டாவது கிருமியை நீக்குவது. அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் கிருமிநீக்கி வேலை செய்யாது. நண்பர் கொடுத்த பாத்திரத்தின் அடியில் குழாய் இருந்தால், அதைத் திருகிக் கழற்றி, பாகம் பாகமாகப் பிரித்துப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் குழாயின் உள்ளே, சுழலும் பகுதியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான ஒரு வளையம் படிந்திருப்பது சாதாரணம். பழைய பீரின் சர்க்கரையும் அதில் குடியேறிய பாக்டீரியாவும்தான் அது. வெந்நீரில் ஊறவைத்து, மென்மையான துணியால் துடைத்தெடுங்கள். கம்பி நாரோ சொரசொரப்பான ஸ்பாஞ்சோ வேண்டாம். அவை பிளாஸ்டிக்கில் போடும் கீறல்களுக்குள் எந்தக் கிருமிநீக்கியும் முழுதாகச் சென்று சேராது. ஏற்கெனவே ஆழமான கீறல்கள் இருந்தால் அந்தப் பாத்திரத்தை அரிசி போட வைத்துக்கொண்டு, பீருக்குப் புதிது வாங்குங்கள்.

கிருமிநீக்கத்துக்கு ஸ்டார் சான் போன்ற அமில வகைத் திரவம் நல்லது. லிட்டர் தண்ணீருக்கு 1.5 மில்லி கலந்து, எல்லாப் பரப்பும் ஓரிரு நிமிடம் நனைந்திருக்கும்படி செய்தால் போதும். பிறகு அலச வேண்டியதில்லை. நுரை ஒட்டியிருந்தாலும் கவலையில்லை. துணி வெளுக்கும் குளோரின் திரவத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதன் மிச்சம் பீரில் சேர்ந்தால் மருந்து, பிளாஸ்டிக் வாடை வந்துவிடும்.

கொதிக்கும் பானைக்குள் போகிற எதற்கும் கிருமிநீக்கம் தேவையில்லை. அடுப்பை அணைத்த பிறகு மால்ட் கரைசலைத் தொடுகிற மூடி, கரண்டி, வெப்பமானி, ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் அது தேவை.

அடுத்தது குளிர்ச்சி. நம் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருவதால், வெளிநாட்டுக் குறிப்புகளில் சொல்வதுபோல் குழாய் நீரை ஓடவிட்டுக் கரைசலை 20 டிகிரிக்குக் கொண்டுவர முடியாது. முதல் நாளே 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கிருமிநீக்கிய பாத்திரங்களில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் மால்ட்டையும் ஹாப்ஸையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, முடிவில் பானையில் 5 லிட்டர் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பானையை ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் வைத்து 35 டிகிரி வரை இறக்குங்கள். இந்த 5 லிட்டரும், குளிர்பெட்டியில் 5 டிகிரியில் இருக்கும் 5 லிட்டரும் கலந்தால் 20 டிகிரிக்கு வந்துவிடும். பாத்திரத்தை நன்றாகக் குலுக்கிக் காற்று சேர்த்து, ஈஸ்ட்டைத் தூவுங்கள். பாக்கெட் 11 கிராம் என்றால் பாதி போதும்.

இனி வரும் 4 நாள்கள்தான் பீரின் சுவையைத் தீர்மானிக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானும் வெப்பத்தை வெளியிடுகிறது. 30 டிகிரி அறையில் பாத்திரத்தின் உள்ளே 33 டிகிரிக்கு மேல்கூடப் போகும். சாதாரண ஏல் ஈஸ்ட் அந்த வெப்பத்தில் வேகமாகப் பெருகி, பியூசல் எனப்படும் கனமான ஆல்கஹால்களை உருவாக்குகிறது. நகப்பூச்சு நீக்கியைப் போன்ற வாடையும், தொண்டையில் இறங்கும்போது எரிச்சலும் அதன் அடையாளம். பியூசல் உருவாகிவிட்டால் எத்தனை மாதம் வைத்திருந்தாலும் போகாது.

ஈரத் துணியைச் சுற்றி விசிறி வைக்கும் முறை வறண்ட நாடுகளுக்கானது. 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் இடத்தில் அதன் மூலம் 27 டிகிரிக்குக் கீழே இறங்கவே முடியாது. இரவில் மட்டும் ஓடும் ஏர்கானும் உதவாது. பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பம் ஈஸ்ட்டை அலைக்கழிக்கும்.

ஈரச் சந்தையில் மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் பெரிய வெள்ளைப் பாலிஸ்டைரீன் பெட்டி ஒன்றை வாங்குங்கள். துளைகளை அடைத்து, தடித்த பிளாஸ்டிக் விரித்து, பாத்திரத்தை உள்ளே வைத்து, சுற்றிலும் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தடித்த துண்டால் மூடுங்கள். உறையவைத்த 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று முழுதாக உருகும்போது, பாத்திரமும் தண்ணீருமாகச் சேர்ந்த 30 லிட்டரைச் சுமார் 5 டிகிரி குளிரவைக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று தொடங்கி, பெட்டித் தண்ணீரின் வெப்பம் 19 முதல் 21 டிகிரிக்குள் நிற்கும்படி எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பீர் அதைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும்.

ஐந்தாம் நாள் மேல்நுரை அமர்ந்ததும் பாட்டில் மாற்றுவதை நிறுத்தி, பீர் மெல்ல அறை வெப்பத்துக்கு வரட்டும். பெரும்பகுதி சர்க்கரை தீர்ந்துவிட்டதால் இனி அந்த வெப்பம் கெடுக்காது. பச்சை ஆப்பிள் வாடையையும் வெண்ணெய் வாடையையும் தரும் பொருள்களை ஈஸ்ட் திரும்ப உண்டு தீர்க்க அது துணைசெய்யும்.

பலர் அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான். மூடியில் செருகிய, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டால் நொதித்தல் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் குமிழி வராது. முடிந்துவிட்ட பிறகும் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். ஹைட்ரோமீட்டரை மட்டும் நம்புங்கள். பதினான்காம் நாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் முடிந்தது என்று பொருள். கருவி 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது என்றால், 28 டிகிரி பீரில் காட்டும் எண்ணோடு 0.002 கூட்டிக்கொள்ளுங்கள். சோதித்த மாதிரியைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றாமல் சுவைத்துப் பாருங்கள். மேலே காய்ந்த சாம்பல் நிறப் படலமும் அதில் சுருக்கங்களும் தெரிந்து, மாதிரி புளித்தால் வேறு கிருமி புகுந்துவிட்டது. பழுப்பு நுரைத் திட்டுகள் மட்டும் என்றால் அது ஈஸ்ட்தான்.

அடர்த்தி நிலைக்காமல் பாட்டிலில் அடைத்தால், உள்ளே நொதித்தல் தொடர்ந்து கண்ணாடி வெடிக்கும். நம் வெப்பத்தில் அது விரைவாகவே நடக்கும். நிலைத்த பிறகு 60 கிராம் சீனியைச் சிறிது தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, 10 லிட்டருக்கும் சீராகக் கலந்து, பீர் பாட்டில்களில் மட்டும் அடையுங்கள். ஒன்றை மட்டும் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துக்கொள்ளுங்கள். அது கல்லைப்போல் இறுகும்போது மற்றவற்றிலும் வாயு சேர்ந்திருக்கும். நம் அறை வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். பிறகு எல்லாவற்றையும் இரண்டு நாள் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் கலங்காமல் ஒரே ஊற்றாகக் கோப்பையில் ஊற்றி, கடைசி விரற்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.