தொட்டுப் பிடித்தால் ஸ்டிக்கர்: அதற்காகப் புது போன் வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, சேரன்மகாதேவி பக்கம் மண்பாண்டக் கடை வைத்திருக்கிறேன். மச்சான் போனில் கேலரிப் படத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் பானை மட்டும் தனியே எழும்பி வருகிறது. என் போனில் அது இல்லை. கடை நோட்டீசுக்கும் பேனருக்கும் ஆகுமே என்று அந்த வசதிக்காகவே பழைய ஐபோன் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். வாங்கலாமா?

பதில்: பழைய ஐபோன் என்றால் முதலில் எந்த மாடல் என்று கேளுங்கள். இந்த வசதி 2022-இல் iOS 16-உடன் வந்தது. ஆனால் iOS 16 ஓடுகிற எல்லா ஐபோனிலும் இது கிடையாது. ஏ12 சிப்போ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும், அதாவது ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்துதான். ஐபோன் 8-ம் ஐபோன் எக்ஸும் iOS 16 வரை வந்தவை. அவற்றில் நீங்கள் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் பானை எழும்பாது. ‘iOS 16 போட்டிருக்கு சார், எல்லாம் வரும்’ என்று விற்கிறவர் சொன்னால் இதை நினைவில் வையுங்கள். தூக்கிய படத்தைச் ஸ்டிக்கராகச் சேர்த்து வைக்கிற வேலை 2023-இல் iOS 17-உடன் வந்தது.

ஐபோன்தான் வேண்டும் என்றும் இல்லை. சாம்சங் கேலக்ஸி போன்களில் 2023-இல் வந்த One UI 5.1 முதல் கேலரியில் இதே வேலை நடக்கிறது. வேறு சில ஆண்ட்ராய்டு கம்பெனிகளும் தந்திருக்கின்றன. ஆனால் விலை குறைந்த மாடல்கள் எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ எந்தக் கடைக்குப் போனாலும், நீங்கள் வாங்கப் போகிற அதே மாடலைக் கையில் வாங்கி, அங்கேயே ஒரு படம் எடுத்து, கேலரியில் திறந்து, பொருளின் மேல் ஒரு விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒளி ஓடி, விரலோடு பொருள் நகர்ந்தால் இருக்கிறது. இல்லையென்றால் இல்லை.

அந்தச் சோதனைக்குக் கடையில் இருக்கிற பூச்செண்டு படத்தையெல்லாம் நம்பாதீர்கள். உங்கள் கடையிலிருந்து கைப்பிடி வைத்த மண் ஜக்கு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. இந்த வசதி எங்கே தடுமாறும் என்பது அந்த ஜக்கில்தான் தெரியும்.

போன் செய்வது இவ்வளவுதான்: படத்தில் எது முக்கியப் பொருள், எது பின்னணி என்று நிறம், வெளிச்சம், உருவம் எல்லாவற்றையும் வைத்து ஊகித்து, நடுவே ஒரு கோடு போடுகிறது. ஜக்கின் வெளிவளைவை நன்றாகவே வெட்டிவிடும். கைப்பிடிக்கும் ஜக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கோளாறு. அந்த ஓட்டை வழியாகத் தெரிகிற தரையையும் ஜக்கின் பகுதி என்று எடுத்துக்கொண்டு கூடவே தூக்கிவிடுவது உண்டு. வெளியே சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும், கைப்பிடிக்குள் மட்டும் ஒரு துண்டு சிமெண்டுத் தரை ஒட்டிக்கொண்டு நிற்கும். போன் திரையில் சின்னதாகப் பார்க்கையில் கண்ணில் படாது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது நிறம். செம்மண் தரையில் வைத்து எடுத்த செம்மண் பானைக்கு அடிவிளிம்பு எங்கே முடிகிறது என்று போனுக்குத் தெரியாது. அடியில் கொஞ்சம் கடித்துவிடும், அல்லது மண்ணையும் சேர்த்துத் தூக்கும். ஒட்டி ஒட்டி அடுக்கிய நாலு பானைகள் ஒரே கட்டியாக வருவதும் உண்டு. கேலரியில் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் திருத்த வழி இருக்காது. வெட்டு தப்பாக வந்தால் படத்தைத்தான் மாற்றி எடுக்க வேண்டும்.

அதனால் விலை உயர்ந்த போனைவிட ஒரு சார்ட் பேப்பர் உங்களுக்கு அதிகம் உதவும். நோட்டீஸ் எந்த நிறத்தில் அடிக்கப் போகிறீர்களோ அதே நிறச் சார்ட்டைப் பின்னாலும் அடியிலும் விரித்து, நிழலில் வைத்து, பானை முழுவதும் சட்டத்துக்குள் வரும்படி எடுங்கள். வெள்ளை நோட்டீசுக்கு வெள்ளைச் சார்ட். அப்போது கைப்பிடி ஓட்டையில் கொஞ்சம் மிச்சம் ஒட்டினாலும் அது வெள்ளைதானே, நோட்டீசில் பெரிதாகத் துருத்தாது. ஒவ்வொரு பானையையும் தனித்தனியாக எடுங்கள். கைப்பிடி கேமராவைப் பார்த்தபடி திருப்பி வைத்தால் ஓட்டையே தெரியாது, ஆனால் ஜக்கின் அழகும் கொஞ்சம் போய்விடும். அது உங்கள் இஷ்டம்.

இனி பேனர். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தூக்கிய படம் வேறு, அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக மாற்றியது வேறு. வாட்ஸ்அப் ஸ்டிக்கர் 512-க்கு 512 பிக்சல். அரட்டைக்கு அது தாராளம். அச்சுக்குப் போதாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 மெகாபிக்சல் கேமராவில் நிமிர்த்தி எடுத்த படம் சுமார் 4000 பிக்சல் உயரம். அதில் ஜக்கு பாதி உயரத்துக்கு இருந்தால் 2000 பிக்சல். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். ஆக 6 அங்குலத்துக்கு மேலேயே கூர்மையாக அடிக்கலாம், நோட்டீசுக்குத் தாராளம். பேனரில் ஜக்கு 2 அடி உயரம் வேண்டுமென்றால் அங்குலத்துக்குச் சுமார் 83 பிக்சல் வரும். ரோட்டிலிருந்து பார்க்கிற பிளக்ஸுக்கு அது போதும். அதே 2 அடிக்கு 512 பிக்சல் ஸ்டிக்கரைக் கொடுத்தால் அங்குலத்துக்கு 21தான். கட்டம் கட்டமாக உடைந்து, ஜக்கின் விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரியும். எனவே தூக்கியதும் ஸ்டிக்கராக்காமல் படமாகச் சேமியுங்கள். சாம்சங்கில் Save as image என்று வரும். ஐபோனில் Share வழியாகப் போய் Save Image. சேமித்த பிறகு படத்தின் விவரங்களைத் திறந்து பிக்சல் அளவு எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு என் கருத்து: இதற்காக மட்டும் போன் வாங்காதீர்கள். வெறும் ஸ்டிக்கர்தான் ஆசை என்றால் புதுப்பித்த வாட்ஸ்அப்பிலேயே ஸ்டிக்கர் பகுதியில் Create என்று இருக்கிறது, படத்தைக் கொடுத்தால் வெட்டித் தரும். நோட்டீஸ், பேனர் என்றால் சார்ட் முன் எடுத்த முழுப் படத்தையே அச்சகத்தில் கொடுங்கள். டிசைன் செய்கிறவர் கைப்பிடி ஓட்டையையும் சேர்த்து உருப்படியாக வெட்டிவிடுவார். இப்போது கையிலிருக்கிற போன் பழுதாகி எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால், அப்போது மேலே சொன்ன ஜக்குச் சோதனையைச் செய்து வாங்குங்கள்.

கேள்வி: போட்டோவிலிருந்து பிள்ளைகளை மட்டும் தூக்கி எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் பிளக்ஸ் கடைக்கு அனுப்பினேன். பின்னால் ஒரே கறுப்பு என்கிறார். என் போனில் சரியாகத்தான் இருக்கிறது. – அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: உங்கள் போனிலுள்ளது பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பு. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை ஜேபெக் ஆக்கிச் சுருக்குகிறது. ஜேபெக்கில் வெற்றிடம் என்று ஒன்று வைக்க முடியாது, அதனால் அந்த இடம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ நிரம்பிவிடும். அதே படத்தை Document வழியாக அனுப்புங்கள், உள்ளது உள்ளபடி போய்ச் சேரும். பிள்ளைகளின் தலைமுடி ஓரம் மட்டும் பிசிறாகவோ மழுங்கலாகவோ இருக்கக்கூடும். தலையில் பிச்சிப்பூ வேறு வைத்திருந்தால் இன்னும் சொல்லவே வேண்டாம். பேனர் பெரிது என்றால் தூக்காத மூலப் படத்தையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.