மூச்சை எங்கே வெட்டுவது?

அன்புள்ள ஐயா,

பேச்சு வீடியோ ஒன்றில் மௌனத்தைத் தானாக நீக்கும் வசதியைப் பயன்படுத்தினேன். மூச்சுச் சத்தமும் போய்விட்டது. 18 நிமிடம் 11 ஆனது. ஆனால் பேசுகிறவரை யாரோ துரத்துவதுபோல இருக்கிறது. சில சொற்களின் கடைசி எழுத்தையும் காணோம். எந்த அளவை மாற்ற வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

முதலில் கடைசி எழுத்து. அந்த வசதிக்குச் சத்தத்தின் அளவுதான் தெரியும், சொல் தெரியாது. ‘கேட்டு’, ‘வந்தது’ ஆகியவற்றின் இறுதி உகரம் பேச்சில் மெலிந்து அறை இரைச்சலோடு கலந்துவிடும். அதை மௌனம் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடுகிறது. ‘பக்கம்’ போன்ற சொற்களில் இன்னொரு வம்பு. ‘க்க’வில் காற்று முழுதாக அடைபடுவதால், பத்தில் ஒரு வினாடிக்கும் மேல் அலைவடிவம் தட்டையாகக் கிடக்கும். குறைந்தபட்ச மௌனம் 0.1 வினாடி என்றிருந்தால் சொல்லின் நடுவிலேயே கத்தி இறங்கும். அதை 0.4 ஆக்குங்கள். ஒலி வரம்பை அறை இரைச்சலைவிட 6 முதல் 10 டெசிபல் மட்டும் மேலே வையுங்கள். சொல்லுக்கு முன் 0.1, பின் 0.2 வினாடி விட்டுவைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் கூடுதலாக விடுவது அந்த உகரத்துக்காகத்தான்.

துரத்தல் எந்த அளவை மாற்றினாலும் முழுதாகத் தீராது. எல்லா இடைவெளியும் ஒரே நீளமாகிவிட்டதுதான் காரணம். “கோப்பைச் சேமியுங்கள், பிறகு மூடுங்கள். இனி அடுத்த பகுதி” என்கிறார் என்று வையுங்கள். ‘பிறகு’வுக்கு முன் 0.7 வினாடி, ‘இனி’க்கு முன் 1.8 வினாடி நின்றிருக்கிறார். கருவி இரண்டையும் 0.3 ஆக்கிவிட்டால் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் ஒன்றாகிவிடும். முதலாவது 0.3 ஆகவே இருக்கட்டும், இரண்டாவதை 0.8 வரை இழுத்து விடுங்கள். நேரம் பாதிக்கு மேல் குறைந்தும், அவர் நின்ற விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

அந்த 0.8 எதனால் ஆனது என்பது முக்கியம். மூச்சு அடுத்த வாக்கியத்தை ஒட்டித்தான் வரும். ஆகவே ‘மூடுங்கள்’ அடங்க 0.2, வெறும் அறை ஒலி 0.2, பிறகு முழு மூச்சு 0.4. வெட்டு அந்த அறை ஒலிக்குள் விழ வேண்டும். பாதி மூச்சில் வெட்டினால் விக்கல்போலக் கேட்கும். எடுத்தால் முழுதாக எடுங்கள், விட்டால் முழுதாக விடுங்கள். உரக்கக் கேட்கும் மூச்சை 8 முதல் 10 டெசிபல் தாழ்த்தினாலே போதும். வாக்கிய நடுவில் வரும் குட்டி மூச்சுகளைத் தயங்காமல் எடுத்துவிடலாம். எடுத்த இடம் காலியாக நின்றால் ஒலியில் பள்ளம் விழும், அதே பதிவின் அறை ஒலியை அங்கே இட்டு நிரப்புங்கள். ஒவ்வொரு வெட்டின் மேலும் இரண்டு ஃபிரேம் ஒலிக் கலப்பு போட்டால் ‘டிக்’ சத்தம் வராது.

இதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டாம். டைம்லைனில் வெட்டுகளின் ஓரத்தை இழுத்தால் நீக்கியது திரும்ப வரும். படத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே போங்கள். வாக்கியம் முடிந்ததே தெரியாத இடங்களை மட்டும் திறந்து சரிசெய்தால் போதும்.