கை-வர்க்கம், டி, எஃப்: இயல்நிலை மாறியிலிருந்து மூன்றும் பிறக்கும் விதம்

கேள்வி: கை-வர்க்கம், டி, எஃப் ஆகிய மூன்று பரவல்களும் இயல்நிலைப் பரவலிலிருந்துதான் வருகின்றன என்கிறார்கள். எப்படி வருகின்றன? ஒவ்வொன்றும் உண்மையில் எதைக் குறிக்கிறது? அட்டவணை பார்க்கத் தெரிகிறது, ஆனால் பொருள் புரியவில்லை.

சராசரி 0, மாறுபாட்டளவு 1 கொண்ட இயல்நிலை மாறியை Z என்போம். ஒன்றையொன்று சாராத k எண்ணிக்கையிலான Z-களை எடுத்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் கிடைப்பது கை-வர்க்க மாறி. அந்த k-தான் கட்டின்மைக் கூறுகளின் எண்ணிக்கை. இதன் சராசரி k, மாறுபாட்டளவு 2k. கட்டுமானம் அவ்வளவுதான். ஆனால் யாராவது எதற்கு Z-களை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும்? அதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும்.

மாதிரியிலிருந்து மாறுபாட்டளவைக் கணிக்கும்போது நாம் செய்வதே அந்த வேலைதான். ஒவ்வொரு அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். மிகச் சிறிய மாதிரியை எடுத்துப் பாருங்கள்: உண்மையான மாறுபாட்டளவு σ² கொண்ட இயல்நிலைப் பரவலிலிருந்து x₁, x₂ என்று இரண்டே அளவுகள். சராசரியிலிருந்து முதல் விலகல் (x₁ − x₂)/2. இரண்டாவது அதே எண், குறி மட்டும் மாறியிருக்கும். வர்க்கங்களின் கூட்டல் (x₁ − x₂)²/2. இனி x₁ − x₂ என்பதும் இயல்நிலை மாறிதான், அதன் மாறுபாட்டளவு 2σ². ஆகவே அந்தக் கூட்டலை σ²-ஆல் வகுத்தால் மிஞ்சுவது சரியாக ஒரே ஒரு Z². இரண்டு விலகல்கள் இருந்தும் தகவல் ஒன்றுதான், ஏனென்றால் ஒன்று தெரிந்தால் மற்றது தெரிந்துவிடும். n அளவுகளுக்கும் இதே கதைதான்: மாதிரியிலிருந்து கணித்த மாறுபாட்டளவை s² என்றால், (n−1)s²/σ² என்பது n−1 கட்டின்மைக் கூறுகள் கொண்ட கை-வர்க்க மாறி. n−1 எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது.

ஆக, கை-வர்க்கம் குறிப்பது s²-இன் தள்ளாட்டத்தை. உண்மையான σ² நிலையாக இருந்தாலும், நம் கையில் கிடைக்கும் s² மாதிரிக்கு மாதிரி மாறும். எவ்வளவு மாறும்? 5 அளவுகள் என்றால் கட்டின்மைக் கூறுகள் 4. அட்டவணையில் கீழ்ப்பக்கம் 5 சதவீதத்துக்கு 0.711, மேல்பக்கம் 5 சதவீதத்துக்கு 9.488. 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், 90 சதவீத மாதிரிகளில் s என்பது 0.42σ-க்கும் 1.54σ-க்கும் இடையில் விழும். இருபதில் ஒரு முறை, உண்மையான சிதறலில் 42 சதவீதம்கூட s-இல் தெரியாது. இந்த எண்ணை மனதில் வையுங்கள், டி பரவல் இதிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஓர் இயந்திரம் வெட்டிய கம்பித் துண்டுகள் ஐந்தின் நீளம் மில்லிமீட்டரில் 10.2, 9.8, 10.4, 10.1, 10.5. நீளம் 9.9 இருக்க வேண்டும் என்பது விதி. சராசரி 10.2. விலகல்கள் 0, −0.4, 0.2, −0.1, 0.3. வர்க்கங்களின் கூட்டல் 0.30, ஆகவே s² = 0.075. சராசரியின் திட்டப்பிழை √(0.075/5), அதாவது சுமார் 0.1225. சராசரிக்கும் விதிக்கும் உள்ள வித்தியாசம் 0.3. வகுத்தால் 2.45.

இதை Z என்று நினைத்து அதன் 5 சதவீத எல்லையான 1.96-உடன் ஒப்பிட்டால், வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். நிகழ்தகவு 0.014 என்று வரும். ஆனால் நாம் வகுத்தது σ-வால் அல்ல, s-ஆல். அந்த s தற்செயலாகச் சிறியதாக விழுந்திருந்தால் விடை வீணாக ஊதிப்போயிருக்கும். அந்த ஆபத்தைக் கணக்கில் சேர்ப்பதுதான் டி:

t = Z / √(V/k)

இங்கே V என்பது k கட்டின்மைக் கூறுகள் கொண்ட, Z-ஐச் சாராத கை-வர்க்க மாறி. நம் கணக்கில் எழுதிப் பார்த்தால் தொகுதியிலும் பகுதியிலும் σ அடிபட்டுப் போகிறது. σ தெரியாமலேயே சோதனை செய்ய முடிவது இதனால்தான். டி பரவலின் வால்கள் கனமாக இருப்பதற்குக் காரணமும் பகுதியில்தான் இருக்கிறது: அது அவ்வப்போது பூஜ்யத்தை நெருங்குகிறது. 4 கட்டின்மைக் கூறுகளுக்கு எல்லை 1.96 அல்ல, 2.776. நிகழ்தகவு சுமார் 0.07. ஐந்து துண்டுகளை மட்டும் வைத்து இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. k கூடக் கூட V/k ஒன்றை நெருங்கும், டி பரவலும் Z-ஐ நெருங்கும். 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வில்லியம் கோசெட் வெளியிட்ட கட்டுரை, சிறிய மாதிரிகளின் இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np
x = np.random.normal(0, 1, (100000, 5))
t = x.mean(axis=1) / (x.std(axis=1, ddof=1) / 5**0.5)
print((abs(t) > 1.96).mean())
```

0.05 வராது, 0.12-ஐ ஒட்டி வரும்.

“Z-ஐச் சாராத” என்று மேலே போகிற போக்கில் சொன்னேன், அது சாதாரண நிபந்தனை இல்லை. சராசரியும் s-உம் ஒரே அளவுகளிலிருந்து வருகின்றன. பிறகு எப்படி ஒன்றையொன்று சாராமல் இருக்கும்? மறுபடி இரண்டு அளவுகளைப் பாருங்கள். சராசரி x₁ + x₂-ஐப் பொறுத்தது, s என்பது x₁ − x₂-ஐப் பொறுத்தது. இவற்றின் உடன்மாறுபாடு σ² − σ² = 0. இயல்நிலை மாறிகளிடம் மட்டும் இது போதும், அவை முழுமையாகவே சாராதவை ஆகிவிடும். வேறு பரவல்களில் இந்தச் சலுகை கிடையாது. வலப்பக்கம் நீண்ட வால் உள்ள தரவில், சராசரி குறைவாக விழும்போது s-உம் சேர்ந்து குறையும், டி மதிப்புகள் இடப்பக்கம் சாய்ந்துவிடும்.

சரி, எஃப். இரண்டு கை-வர்க்க மாறிகளை அதனதன் கட்டின்மைக் கூறுகளால் வகுத்து, ஒன்றின் கீழ் மற்றொன்றை வைப்பது:

F = (U/m) / (V/k)

U, V இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். பொருள்: ஒரே σ²-க்கு இரண்டு தனித்தனிக் கணிப்புகள் இருந்தால், அவற்றின் விகிதம் தற்செயலாக எவ்வளவு தூரம் போகும்? ஐந்தைந்து அளவுகளாக இரண்டு மாதிரிகள் என்றால் மேல் 5 சதவீத எல்லை 6.39. ஒரு s² இன்னொன்றைப் போல் ஆறு மடங்கு இருந்தாலும், அதை மட்டும் வைத்து இரண்டும் வேறு என்று சொல்லிவிட முடியாது. மாறுபாட்டுப் பகுப்பாய்விலும் இதே விகிதம்தான்: மேலே குழுச் சராசரிகளின் சிதறலிலிருந்து வந்த கணிப்பு, கீழே குழுக்களுக்குள் உள்ள சிதறலிலிருந்து வந்த கணிப்பு.

டி-யை வர்க்கப்படுத்தினால் மேலே ஒரு Z², கீழே V/k. அதாவது t² என்பது (1, k) கட்டின்மைக் கூறுகள் கொண்ட எஃப். நம் கம்பிக் கணக்கில் t² = 6, எஃப் அட்டவணையில் (1, 4)-க்கு எல்லை 7.71, அது 2.776-இன் வர்க்கமேதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். தரவு இயல்நிலையாக இல்லாவிட்டாலும், மாதிரி பெரிதாகும்போது சராசரிக்கான டி சோதனை ஓரளவு சரியாகிவிடும், மைய எல்லைத் தேற்றம் காப்பாற்றும். இரண்டு மாறுபாட்டளவுகளை ஒப்பிடும் எஃப் சோதனைக்கு அந்த உதவி கிடைக்காது. அடுக்குக்குறிப் பரவலிலிருந்து வரும் தரவில், பெரிய மாதிரிகளில் s²-இன் மாறுபாட்டளவு கை-வர்க்கம் சொல்வதைவிடச் சுமார் நான்கு மடங்கு. மாதிரியை இன்னும் பெரிதாக்கினாலும் அந்த நான்கு மடங்கு குறையாது. அப்படிப்பட்ட தரவில் சிதறல்களை ஒப்பிட வேண்டுமென்றால், எஃப் அட்டவணையை நேரடியாகப் பார்க்காமல், இடைநிலையிலிருந்து விலகல்களை எடுக்கும் லெவீன் வகைச் சோதனைக்குப் போவது நல்லது.