திங்கட்கிழமை ஊன்றுங்கள், ரப்பரை எடுத்து வையுங்கள்

"அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் யூகேஜி எடுக்கிறேன். 26 பிள்ளைகள். விதை முளைப்பதைப் பார்த்து நோட்டில் வரையச் சொன்னால் எல்லா நோட்டிலும் ஒரே பூ, ஒரே சூரியன். கிளியோ மீனோ வாங்கி வகுப்பில் வைத்தால் ஒழுங்காகக் கவனிப்பார்களா?"

கிளி வேண்டவே வேண்டாம் டீச்சர். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "பள்ளிக்கூடத்துக்குத்தானே, யாரு கேக்கப் போறா" என்று கூண்டோடு வருகிற ஆள் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நீங்கள் இருப்பது முண்டந்துறைக் காட்டின் வாசலில். வனத்துறையினர் வந்து கேட்டால் பதில் சொல்லப் போவது நீங்களும் தலைமையாசிரியரும்தான். நட்சத்திர ஆமைக்கும் இதே கதை. மீன் வைப்பதில் தப்பில்லை, ஆனால் உங்கள் வேலைக்கு உதவாது. திங்கட்கிழமை பார்த்த மீன் வெள்ளிக்கிழமையும் அப்படியேதான் இருக்கும். பிள்ளை பத்து நாளும் "மீன் நீந்துது" என்று சொல்லும், அதில் பொய்யும் இல்லை. ஐந்து வயதில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்தைத்தான் பதிவு செய்ய முடியும்.

விதையில் அந்த மாற்றம் இருக்கிறது. தட்டாம்பயறு எடுத்துக்கொள்ளுங்கள். பலசரக்குக் கடையில் 100 கிராம் போதும். ஓட்டை விழுந்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, பத்துப் பயற்றை ஈரத்துணியில் மடித்து இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். பத்தில் ஏழுக்காவது வேர் விட்டால் அந்தப் பயறு நல்லது, இல்லையென்றால் வேறு கடை. உரக்கடை விதைப் பாக்கெட்டை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். இளஞ்சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏறியிருந்தால் அது பூச்சி, பூசண மருந்து தடவிய விதை. பிள்ளைகள் கை வாய்க்குத்தான் போகும்.

ஜூன் மாதமானால் ஒருவர் பெட்டியோடு வருவார். அழகான பாக்கெட்டில் விதை, பிளாஸ்டிக் தொட்டி, கூடவே அச்சடித்த 'செடி டைரி'. அதில் முளை, இலை, பூ, காய் எல்லாம் முன்னமே வரைந்திருக்கும். பிள்ளை கலர் அடித்தால் போதும். செடி முளைக்காவிட்டாலும் டைரி நிரம்பிவிடும். பிள்ளைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குக் கமிஷன் வேறு. அதை வாங்குவதற்குச் சும்மா இருக்கலாம். உங்கள் 26 நோட்டிலும் ஒரே சூரியன் வந்ததும் இதே காரணத்தால்தான்: யாரோ ஒருவர், அநேகமாகக் கரும்பலகையில் நீங்களே, முதலில் ஒரு செடி வரைந்து காட்டியிருப்பீர்கள்.

ஞாயிறு ராத்திரி பயற்றை ஊறப்போட்டு, திங்கள் காலை ஊன்றுங்கள். நம் ஊர் வெக்கைக்கு மூன்று நான்கு நாளில் முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். அதாவது வியாழன் அல்லது வெள்ளி, பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற நாள். புதன்கிழமை ஊன்றினால் ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத வகுப்பில் முளைத்துவிடும். பார்க்க வேண்டிய கட்டமே போய்விடும்.

தொட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டை போதும், கண் இருக்கிற பாதி. மெலிந்த கண்ணை ஆணியால் குத்திவிட்டால் தண்ணீர் வடிய வழி ஆயிற்று. வெறும் கரிசலானால் காய்ந்ததும் இறுகி முளையை மறித்துவிடும், பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும். பிள்ளையின் விரலில் ஒரு கணு ஆழம், சிரட்டைக்கு இரண்டு பயறு. காலையில் ஒரு தடவை, பாட்டில் மூடியால் இரண்டு மூடித் தண்ணீர். வகுப்பில் விதை சாவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் அல்ல, ஆளுக்கு ஆள் ஊற்றித்தான். ஐந்தாம் நாளும் ஒன்றும் வரவில்லையென்றால் தோண்டிப் பாருங்கள். கொழகொழவென்று நாறினால் தண்ணீர் கூடிவிட்டது. அதையும் வரையச் சொல்லுங்கள்.

தினமும் எழுதச் சொல்லாதீர்கள். மூன்று வாரத்தில் ஆறு பக்கம். வெள்ளைத் தாள், கோடு வேண்டாம். முதல் பக்கத்தில் காய்ந்த பயறு ஒன்று, ஊறியது ஒன்று. ஊறியது பருத்திருக்கும், ஓரத்தில் கண் மாதிரி ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டை வரைகிற பிள்ளை பார்த்துத்தான் வரைகிறது. முளை வந்த அன்று தண்டு கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். என்னிடம் ஒரு பெண்பிள்ளை, "டீச்சர், இது குனிஞ்சு நிக்கு, தொப்பி போட்டுருக்கு" என்றாள். விதைத்தோல் உச்சியில் ஒட்டியிருந்தது. அவள் சொன்னதை அப்படியே படத்துக்குக் கீழே எழுதினேன். 'செடி முளைத்துள்ளது' என்று திருத்தி எழுதினால் அது உங்கள் குறிப்பு, அவளுடையது அல்ல.

பருப்பு இரண்டாகப் பிளந்து மேலே வரும், அதற்கு மேல் ஒற்றை ஒற்றையாக இரண்டு இலை விரியும். அடுத்து வருகிற இலை மட்டும் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். கேள்வியை இங்கே வையுங்கள்: "புது இலை பழசு மாதிரியா இருக்கு?" ஓடிப்போய்ச் சிரட்டையைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

உயரத்துக்கு ஸ்கேல் வேண்டாம், அந்த எண்கள் அவர்களுக்குப் பிடிபடாது. ஒரு தாள் துண்டை மண்ணைத் தொட நிறுத்தி, செடியின் உச்சியில் கிழித்து, பக்கத்தின் அடி ஓரத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பல பேர் துண்டை மண்ணைத் தொடாமல் பிடிப்பார்கள், அதை மட்டும் கவனியுங்கள். நாலு துண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எது கூடியது என்று பிள்ளையே சொல்லும்.

ரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள். தப்பென்றால் அடித்துவிட்டுப் பக்கத்தில் வரையட்டும். சிவப்புப் பேனாவையும் சேர்த்து எடுங்கள். இது நான் பட்டது. ஒரு பையன் செடிக்கு ஒரு பக்கம் மட்டும் பருப்பு வரைந்திருந்தான். மறதி என்று நினைத்து மற்றதை நானே சிவப்பில் போட்டேன். அவன் என் கையைப் பிடித்துச் சிரட்டைக்கு இழுத்துக்கொண்டு போனான். பருப்பு சுருங்கி ஒன்று உதிர்ந்து மண்ணில் கிடந்தது. அதன் சத்தை எடுத்துத்தான் செடி வளர்கிறது, வற்றினதும் விழும். செடி செத்துவிட்டது என்று சில பிள்ளைகள் அழும், முன்கூட்டியே தெரிந்து வையுங்கள்.

உயிருள்ளது ஒன்று வேண்டுமென்று மனசு கேட்டால் ஒரே ஒரு வழி சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக் கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னப் புழு ஒட்டியிருக்கும். இலையோடு எடுத்து, மேலே கொசுவலை கட்டிய பாட்டிலில் விட்டு, தினமும் அதே மரத்து இலையை மாற்றிப் போடுங்கள். வேறு செடி இலை போட்டால் பட்டினி கிடக்கும். மருந்தடித்த மரமானால் எடுக்காதீர்கள். சில நாளில் எச்ச நிறம் போய்ப் பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னால் கொம்பு நீட்டும், நாறும். இதெல்லாம் பிள்ளை வரையக்கூடிய மாற்றம். பின்பு கூட்டுப்புழு, ஒன்றிரண்டு வாரம் அசைவில்லாமல் இருக்கும். உள்ளே ஒரு குச்சி சாய்த்து வையுங்கள், தொற்றிக்கொள்ள. வண்ணத்துப்பூச்சி வந்ததும் சிறகு காய விட்டு, அன்றே வெளியில் விடுங்கள். சில நேரம் கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வரும், பூச்சி வராது. நோட்டில் குளவிதான் இருக்க வேண்டும். எருக்கஞ்செடிப் புழுவைத் தொடவேண்டாம், அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

ஆய்வுக்கு வருகிறவர்கள் 26 நோட்டும் ஒரே மாதிரி, பளிச்சென்று இருந்தால்தான் நல்ல வகுப்பு என்பார்கள். அழுகின விதையை வரைந்த பக்கத்தைக் காட்டி, "இது என்ன, கிழித்து எடுத்துடுங்க" என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அட்டைக்குள் ஒரு தாள் ஒட்டுங்கள்: 'எழுத்து ஆசிரியருடையது, சொல்லும் படமும் பிள்ளையுடையது.' நோட்டை வீட்டுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மறுநாள் வரும்போது அம்மா வரைந்த ரோஜா ஒன்று உள்ளே இருக்கும்.